றம்லா டீச்சரின் ஓகாரம்

கல்முனைக்குடியில் இங்கிலீஷ் கதைக்கத் தெரிந்த பெண்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அந்த இங்கிலீஷ் றம்லா டீச்சரின் வாயிலிருந்துதான் போனது. இருபத்திரண்டு வருசமாக ஒரே பெண்கள் பாடசாலை, ஒரே மாடி, கடல்பக்கமாக யன்னல் உள்ள அதே வகுப்பறை. பாடத்தை அவ உரத்து வாசிப்பா. நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லுவார்கள். ரோட்டில் போகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே மணி ஒன்பது என்று தெரிந்துகொள்வார்கள்.

றம்லாவுக்குத் தன் நாக்கில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில், மேற்பல்லை உதட்டில் வைத்து ஊதும் ஃபாவையும், வண்டு மாதிரி அதிரும் ஸாயையும் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்ட பிள்ளை அவ. பிறகு இங்கிலீஷ் படிக்கும்போது, மற்றப் பிள்ளைகள் 'பேன்' என்று சொன்ன மின்விசிறியை அவ சரியாக 'ஃபேன்' என்றா. ஆசிரியர் கலாசாலைக்குப் போன முதல் கிழமை 'இஸ்கூல்' என்று சொன்னதற்கு விரிவுரையாளர் ஒருத்தர் எல்லார் முன்னாலும் சிரித்தார். அன்று பின்னேரமே கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த முன்வாசல் இகரத்தைக் களைந்து எறிந்தா. பிறகு அது திரும்பி வரவேயில்லை.

ஆகவே, போன வருசம் தை மாதம் நிலாந்தினி அவவைத் தேடி வந்தபோது, றம்லா பயப்பட ஒன்றுமிருக்கவில்லை.

நிலாந்தினி திருக்கோவில்காரி. கலாசாலை விடுதியில் இரண்டு பேரும் இரண்டு வருசம் ஒரே அறையில் படுத்தவர்கள். அவள் மேலே படித்து இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் மொழியியல் விரிவுரையாளர். இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு பாடத்துக்காக, கூடப் படித்த பன்னிரண்டு பேரின் பேச்சைக் கசற்றில் பதிந்து வைத்திருந்தாள். அதே பன்னிரண்டு பேரை இப்போது மறுபடியும் பதிய வேண்டும். ஒருத்தர் மௌத்தாகிப் போனார், பதினொரு பேர் மிச்சம் என்றாள்.

"அண்டைக்கு வாசிச்ச அதே பந்திதான்கா. பிறகு ஒரு பத்து நிமிசம் சும்மா கதைக்கணும். அவ்வளவுதான்."

"நான் இப்ப நல்லா வாசிப்பன். பழசக் கேட்டா வெக்கமாத்தான் இரிக்கும்" என்றா றம்லா.

வாசித்தா. கதைத்தா. முடிந்ததும், பழசையும் போடச் சொல்லிக் கேட்டது றம்லாதான். நிலாந்தினி கொஞ்சம் தயங்கினாள். பிறகு மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள்.

இருபத்துநாலு வயதுக் குரல் ஒன்று வந்தது. மெல்லிய குரல், வேகமான குரல், இடையிடையே சிரிக்கும் குரல். அதற்குப் பிறகு இன்றைய குரல். குரல்தான் தடித்திருந்தது. சொற்கள் அப்படியே இருந்தன. நிலாந்தினி சொல் சொல்லாக வெட்டி, பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். சட்டத்துக்கான 'லோ'. தாழ்வுக்கான 'லோ'. பந்துக்கான 'போல்'. கோப்பைக்கான 'போல்'.

"எல்லாம் சரியாத்தானே இரிக்கி" என்றா றம்லா.

நிலாந்தினி காதில் மாட்டும் கருவியை எடுத்துக் கொடுத்தாள். "இது இங்கிலாந்துக்காரர்ட குரல். ஒரு சொல் வரும். மண்டபமா, குழியா எண்டு பாத்து இந்தப் படத்திலயோ அந்தப் படத்திலயோ தொடு."

நாற்பது சொல் வந்தன. முடிவில் திரையில் இருபத்தொன்று என்று நின்றது. காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்தாலும் அவ்வளவுதான் வரும்.

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான் கேக்குது" என்றா றம்லா. கருவியைக் கழற்றி மேசையில் வைத்தா.

நிலாந்தினி கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தாள். ஒளிக்காமல் சொன்னாள். தமிழில் நீட்டி ஒலிக்கும் ஓகாரம் ஒன்றே ஒன்றுதான். இங்கிலீஷில் அந்த இடத்தைச் சுற்றி இரண்டு சத்தம் இருக்கிறது. ஒன்று தாடை இறங்க நாடியைக் கீழே விட்டு, வாயைத் திறந்து, ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரேமாதிரி நீட்டுவது. மற்றது உதட்டைக் குவித்துக்கொண்டே போய் முடிப்பது. பிறந்த நாளிலிருந்து தமிழ் கேட்ட காது அந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிடும்.

"அப்ப ஃபாவ மட்டும் எப்பிடிப் புடிச்ச நான்? அதுவும் தமிழில இல்லியே."

"அதுதான் விசயம். முழுக்கப் புதுசான சத்தமெண்டா காது முழிச்சிக்கொள்ளும். நம்மட சத்தம் மாதிரியே இருக்கிறதுதான் கள்ளன். 'இது எனக்குத் தெரியும்' எண்டு காது கதவத் திறந்துபோடும். அதுக்குப் பிறகு படிக்க ஒண்டுமில்ல எண்டு மூளை நினைக்கும்."

"இருபத்திரண்டு வருசமா ஒருத்தரும் சொல்லல்லியே."

"ஆர் சொல்ற? உனக்குப் படிப்பிச்சவங்களும் அப்பிடித்தான் சொன்னாங்க. ஊட்டில மண்டபத்துக்கு என்ன சொல்ற நாம? ஹோல். அது தமிழ்ச்சொல்லாவே போயிற்று. நீ சொன்னா எல்லாருக்கும் விளங்குது. விளங்கினா வாய் மாறத் தேவல்ல. 'இஸ்கூல்' எண்டதுக்கு ஒருத்தர் சிரிச்சார், அத மாத்தினாய். இதுக்கு ஆரும் சிரிக்கல்ல."

அந்த 'இஸ்கூல்' சிரிப்பை இத்தனை வருசமாக றம்லா ஒரு அவமானமாக வைத்திருந்தா.

"இது சோம்பேறித்தனமில்ல" என்றாள் நிலாந்தினி. "உன்ட இங்கிலீசு கண்டபடி பிழைக்கல்ல. தமிழுக்கும் இங்கிலீசுக்கும் நடுவில தனக்கெண்டு ஒரு பாஷை அது. அதுக்குச் சட்டம் இருக்கு. ஒவ்வொரு நாளும் அதே சட்டப்படிதான் கதைக்கிறாய். அது ஒரு கட்டத்தில வளர்றத விட்டுற்று, இறுகிப்போகும். பதினொரு பேரில ஒம்பது பேருக்கு இந்தச் சத்தம் அப்பிடியே நிக்கிது."

றம்லாவுக்கு மற்ற எட்டுப் பேரைப் பற்றிக் கவலையில்லை. அவவுக்கு ஒரு நேர்முகப் பரீட்சை வர இருந்தது. வெளிநாட்டு உதவியோடு நடக்கும் ஒரு திட்டத்துக்கு, மாகாணத்தில் உள்ள இங்கிலீஷ் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். எழுத்துப் பரீட்சையில் அவ முதல் வரிசையில் நின்றா. வகுப்பறையை விட்டு வெளியே போக வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வழி திறந்திருந்தது.

"மாத்தலாமா?" என்று கேட்டா.

"காதை மாத்தலாம். நிறையப் பேர் செஞ்சிருக்காங்க. வாய்..." நிலாந்தினி தோளைக் குலுக்கினாள். "தனிச்சொல்லா வாசிக்கக்குள்ள வரும். கதைக்கக்குள்ள வருமோ எண்டு எனக்குத் தெரியாதுகா."

அன்றிலிருந்து மூன்று மாதம். நிலாந்தினி கைபேசியில் ஒரு பயிற்சியைப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஆண் குரல், பெண் குரல், கிழட்டுக் குரல், பிள்ளைக் குரல் என்று பலபேர் அந்தச் சொற்களைச் சொல்லுவார்கள். ஒரே குரலைக் கேட்டால் அந்த ஆளைத்தான் பழகுவாய், சத்தத்தைப் பழகமாட்டாய் என்று சொல்லியிருந்தாள். சரியான படத்தைத் தொட்டால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. றம்லா விடியச் சுபஹு தொழுதுவிட்டு அரைமணி நேரம் அதோடு இருப்பா. முதல் இரண்டு கிழமை ஒரே சிவப்பு. மூன்றாம் கிழமை ஒரு நாள், பஸ்ஸுக்குள் யாரோ கைபேசியில் இங்கிலீஷ் செய்தி கேட்டுக்கொண்டு வந்தபோது, சட்டத்துக்கான அந்தச் சொல் தனியாக, அகலமாக, வேறு ஒரு சத்தமாக வந்து அவவின் காதில் விழுந்தது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தா. நாற்பத்தேழு வயது வரைக்கும் உலகத்தில் இல்லாதிருந்த சத்தம்.

புருசன் அஸ்பாக் நெல் வாங்கி விற்கிறவர். மனுசி கண்ணாடிக்கு முன்னால் நாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, முதலில் பல்வலி என்று நினைத்தார்.

"இஞ்சருங்க, இதக் கேளுங்க" என்று றம்லா இரண்டு சொல்லையும் சொல்லிக் காட்டினா.

"ரெண்டும் ஒண்டுதானே புள்ள."

"இல்ல. ஒண்டில்ல."

"எனக்கென்ன தெரியும்? நீ சந்தோசமா இரிக்கிறியா? அது காணும்" என்றார் அஸ்பாக். அவர் அப்படிக் கேட்டு அதிக காலமாகியிருந்தது. அந்த வீட்டில் சந்தோசத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அவர்கள் முதலில் இருந்த வீடு கடற்கரை ரோட்டில். கலாசாலைக் காலத்தில் மகள் அஸ்னா கைக்குழந்தை; உம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் றம்லா படிக்கப் போனா. பழைய கசற்றில் அந்தக் குரல் சிரித்ததெல்லாம் அவளைப் பற்றிச் சொல்லும்போதுதான். அஸ்னாவுக்கு நாலு வயதும் மூன்று மாதமுமாக இருந்தபோது, மார்கழி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. இப்போதைய வீடு வயல்பக்கம், கடற்சத்தம் கேட்காத தூரத்தில்.

நேர்முகப் பரீட்சை மட்டக்களப்பில், வாவிக்கரையில் ஒரு ஹோட்டலில் நடந்தது. அதற்கு முதல் நாள் நிலாந்தினி போனில் ஒரு பரீட்சை வைத்தாள். படம் தொடுவதில் நாற்பதுக்கு முப்பத்தாறு. சொற்பட்டியல் வாசிப்பில் ஒன்றிரண்டுதான் வழுக்கின.

"மெதுவாக் கதை. வாயில கவனம் வை" என்றாள்.

மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண்மணி. ஒரு பக்கம் தலை நரைத்த வெள்ளைக்காரர். மறுபக்கம் குறிப்பெடுக்கும் ஒரு இளம் பெண். முதலில் ஒரு பந்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். றம்லா நாடியை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கினா, குவிக்க வேண்டிய இடத்தில் குவித்தா. தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு வாசித்தா. கொழும்புப் பெண்மணி தலையாட்டினா. கற்பித்தலைப் பற்றிய கேள்விகளுக்கும் நல்லபடியாகவே பதில் போனது. றம்லாவின் முதுகு கதிரையில் சாய்ந்தது.

பிறகு வெள்ளைக்காரர் கோப்பைப் புரட்டிவிட்டு, ஒரு குற்றமும் இல்லாத குரலில் கேட்டார். இரண்டாயிரத்து ஐந்தில் பத்து மாதம் நீங்கள் சேவையில் இருக்கவில்லையே, அது மேற்படிப்புக்காகவா?

றம்லா 'இல்லை' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். சொந்த லீவு என்று சொல்லியிருக்கலாம். ஆனால், இருபது வருசத்தில் அந்தக் கேள்வியை இங்கிலீஷில் யாரும் அவவிடம் கேட்டதில்லை. ஊரில் யாரும் கேட்கத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும். அவ சொல்லத் தொடங்கினா. கடல் வந்ததைச் சொன்னா. கையிலிருந்து பிள்ளை போனதைச் சொன்னா. மூன்று நாள் தேடியதைச் சொன்னா.

"பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில், ஹோலில் கண்டுபிடித்தோம்" என்றா இங்கிலீஷில்.

வெள்ளைக்காரரின் முகம் மாறியது. முன்னுக்குச் சாய்ந்து, மிகவும் மெதுவாக, இரக்கத்தோடு கேட்டார்: "குழிக்குள்ளா?"

அவரின் உதடு குவிந்து முடிந்ததை றம்லா பார்த்தா. அந்தச் சத்தத்தைத் துல்லியமாகக் கேட்டா. மூன்று மாதத்துக்கு முந்தி என்றால் அவர் தன் சொல்லைத்தான் திருப்பிச் சொல்கிறார் என்று நினைத்து ஓம் என்றிருப்பா. இப்போது காது திறந்திருந்தது. அவர் குழி என்று விளங்கிக்கொண்டார் என்பது வெளிச்சமாகத் தெரிந்தது.

"இல்லை. ஹோலில்" என்றா.

அதேதான் வந்தது. தன் வாயிலிருந்து அதே குவிந்த சத்தம் போவதைத் தானே கேட்டா. நாடியை இறக்க நினைத்தா. நாடி நடுங்கிக்கொண்டிருந்தது. "பள்ளிக்கூட ஹோல்... ஹோலில். எல்லாரையும் அங்கேதான் வரிசையாக..." மூன்றாவது தடவையும் குழிதான் வந்தது. வேறு சொல் ஒன்று தேடினா. பெரிய அறை, கூட்டம் கூடும் இடம், என்னென்னவோ சொல்லியிருக்கலாம். ஒன்றும் வரவில்லை.

வெள்ளைக்காரர் கையை வாயில் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூட வளவில் குழி தோண்டிப் பிள்ளைகளைப் போட்டிருந்தார்கள் என்று அவர் நினைத்துவிட்டார் போலிருந்தது. கொழும்புப் பெண்மணி அவரின் பக்கம் சாய்ந்து, வாயை அகலத் திறந்து, அந்த ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லிக் கொடுத்தா. அவரின் காது சிவந்தது. மன்னிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும் என்றார். இளம் பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

அதற்குப் பிறகு யாரும் கடினமான கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கதவுவரை வந்து வழியனுப்பினார்கள். அந்த அன்பைப் பார்த்தபோதே றம்லாவுக்கு முடிவு தெரிந்துவிட்டது.

கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தது. பாட அறிவு மிகச் சிறப்பு, கற்பித்தல் முறை சிறப்பு. உச்சரிப்பில் தாய்மொழியின் தாக்கம் நிலைபெற்றுவிட்டது. ஏனைய ஆசிரியர்களுக்கு முன்மாதிரியாக இருக்கும் பதவிக்கு இம்முறை தெரிவுசெய்ய முடியாமைக்கு வருந்துகிறோம். அஸ்பாக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

"கிடைக்கலியா?"

"இல்ல."

"ஆரோ ஆளப் புடிச்சி எடுத்திருப்பானுகள்" என்றார், தேறுதலாக. றம்லா அதை மறுக்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்று அவரிடம் சொல்லவுமில்லை. அந்த மூன்று நாளும் அவரும்தான் தேடியவர். பிள்ளையின் மையத்தைத் தூக்கிப்போய் அடக்கியதும் அவர்தான்.

நிலாந்தினிக்கு மட்டும் போனில் சொன்னா.

"நான் சொல்லியிருக்கணும்" என்றாள் நிலாந்தினி. "புதுசாப் படிச்சது கவனத்திலதான் நிக்கும். கவனம் போனா அதுவும் போயிரும். மனம் அதிர்ந்தா, பயந்தா, அழுகை வந்தா, வாய் பழைய பாதையிலதான் ஓடும். இறுகினது அழியிறல்லகா, ஒளிஞ்சுதான் இருக்கும். எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"வாசிக்கக்குள்ள சரியா வந்திச்சே."

"வாசிக்கக்குள்ள நீ சத்தத்த நினைச்சாய். பிறகு நீ சத்தத்த நினைக்கல்ல."

"அப்ப சட்டத்தப் பத்தி, பந்தப் பத்தியெல்லாம் நான் சரியாக் கதைக்கலாம்" என்றா றம்லா. "என்ட புள்ளயப் பத்தி மட்டும் ஏலாது. அப்பிடியா?"

நிலாந்தினி அழுகிறாளோ என்று றம்லாவுக்குத் தோன்றியது. போனை வைத்துவிட்டா.

அந்த வருசம் பாடசாலை திரும்பத் தொடங்கியபோது புதிதாக ஒரு கஷ்டம் வந்தது. காது திறந்தது திறந்ததுதான், மூட வழியில்லை. ஒன்பது மணிக்கு அவ வாசித்தா, நாற்பது பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். அந்த ஓகாரம் நாற்பது வாயிலிருந்து ஒன்றாகத் திரும்பி வந்தது. முந்தி அந்தச் சத்தம் அவவுக்குப் பெருமையாக இருந்தது. மாகாண மட்ட இங்கிலீஷ் பேச்சுப் போட்டியில் தன் பிள்ளைகள் வருசாவருசம் ஏன் பின்தள்ளப்பட்டார்கள் என்று அப்போது விளங்கவில்லை; நடுவர்கள் ஊர் பார்க்கிறார்கள் என்று சண்டை போட்டிருக்கிறா. இப்போது பக்கத்து வகுப்பில் படிப்பிக்கும் ஷாஹினா டீச்சரின் குரலிலும் அது கேட்டது. ஷாஹினா அவவிடம் படித்தவள். ஷாஹினாவின் பிள்ளைகளிடமும் கேட்டது.

பாடசாலை அதிபரிடம் போய், வகுப்பில் போட்டுக் காட்ட ஒரு சின்ன ஒலிபெருக்கி கேட்டா. அவர் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பாடத்தை றம்லா வாசிப்பதில்லை. நிலாந்தினி அனுப்பிய பதிவுகளைப் போடுவா. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் நேரமிருக்கிறது, காது இளசு என்று நிலாந்தினி சொல்லியிருந்தாள். றம்லா மேசையில் கைகட்டி நின்று, பிள்ளைகள் அந்த வேற்றுக் குரல்களைப் பின்பற்றுவதைக் கேட்பா. சிலருக்கு வந்தது. பலருக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனால் உம்மா, வாப்பா, ரோட்டு, கடை, எல்லாமே பழைய ஓகாரம்தான்.

ஒரு வியாழக்கிழமை, பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை எழும்பி நின்றாள்.

"டீச்சர், இந்த ஆள் கதைக்கிற விளங்குதில்ல. முந்தி எங்களுக்கு நீங்கதானே வாசிச்ச. நீங்களே வாசிங்களன்."

மற்றப் பிள்ளைகளும் ஓம் டீச்சர், ஓம் டீச்சர் என்றார்கள்.

றம்லா புத்தகத்தைக் கையில் எடுத்தா. முதல் வரியைப் பார்த்தா. நாடியை எங்கே இறக்க வேண்டும், உதட்டை எங்கே குவிக்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் கண்ணால் குறித்துக்கொண்டே போனா. மூன்றாவது வரியோடு நிறுத்தினா. புத்தகத்தை மேசையில் கவிழ்த்து வைத்தா.

"அந்த ஆளே வாசிக்கட்டும் புள்ள. நல்லாக் காதக் குடுத்துக் கேளுங்க" என்றா.

ஒலிபெருக்கியின் பொத்தானை அமத்தினா. வேறு ஒரு குரல் வகுப்பறையை நிறைத்தது. பிள்ளைகள் அரைமனதோடு திருப்பிச் சொன்னார்கள். றம்லா யன்னல் பக்கம் முதுகைக் காட்டியபடி நின்றா. ஓய்வு பெற அவவுக்கு இன்னும் பன்னிரண்டு வருசம் இருந்தது.